இன்பாக்ஸுக்குள் நீந்தி வந்த பங்குனி ஆமை

திங்கட்கிழமை காலை பத்தரை மணி. ஆசிரியர் குழுக் கூட்டம் தொடங்க இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. எங்கள் வார இதழில் எந்தக் கதை உயிர் பிழைக்கும், எது குப்பைக்குப் போகும் என்று முடிவாவது அந்தக் கூட்டத்தில்தான் என்று வெளியில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அது முடிவாவது அதற்கு முந்தைய இந்த அரை மணி நேரத்தில், என் மேசையில், ஆறிப்போன காபிக்கும் என் செல்போனுக்கும் நடுவில்! இதை யாரும் வாசகர்களுக்குக் காட்டியதில்லை. சத்தம் போடாமல் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நில்லுங்கள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளில் வந்து குவிந்த மெயில்கள் 61. எல்லாமே "இப்படி ஒரு கதை இருக்கிறது, எழுதுங்கள்" என்று சொல்பவை. முதல் மெயிலைத் திறக்கிறேன்:

`tzf;fk;`

பயப்படாதீர்கள், வைரஸ் இல்லை. பாமினி எழுத்துருவில் தட்டி அனுப்பிய "வணக்கம்" இது. யூனிகோடு வருவதற்கு முந்தைய பழக்கத்தை இன்னும் விடாதவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கணினியில் அழகான தமிழாகத் தெரிவது என் திரையில் இப்படித்தான் வந்து விழும். பல வருடம் பார்த்துப் பார்த்து எனக்குப் பாமினி கொஞ்சம் கண்ணாலேயே படிக்க வரும் (இதைச் சொல்லிப் பெருமைப்பட எனக்கு வேறு சந்தர்ப்பமே கிடைப்பதில்லை). ஆனால் நாலு பக்கத்தை அப்படிப் படிக்க முடியுமா? அடுத்தது.

அடுத்த மெயில் நல்ல தமிழில்தான் இருக்கிறது. அனுப்பியவர் 'பெறுநர்' கட்டத்தில் 43 பத்திரிகை முகவரிகளை வரிசையாகப் போட்டிருக்கிறார். எங்கள் பரம வைரிகளான மூன்று இதழ்களும் எனக்கு மேலே நிற்கின்றன. 43 வீட்டுக்கும் ஒரே நேரத்தில் போன பெண் ஜாதகத்தை யார் முதலில் எடுத்துப் பார்ப்பார்கள்? அடுத்தது.

மூன்றாவது மெயில்தான் நம் கதாநாயகி. பொருள் வரியில் 'கட்டுரை' என்று ஒரே ஒரு சொல். செல்போனில் பொருள் வரி ஐந்தாறு சொல்லுக்கு மேல் தெரியாது, மீதி வெட்டுப்பட்டுவிடும். அந்த ஐந்தாறில் ஒன்றை மட்டும் செலவழித்து, அதிலும் நமக்கு ஏற்கெனவே தெரிந்ததைச் சொல்லியிருக்கிறார். "மதிப்பிற்குரிய ஐயா" என்று ஆரம்பிக்கிறார். நான் ஐயா இல்லை, அம்மா. அது பரவாயில்லை, பழகிவிட்டது. நீலாங்கரைப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. முதல் மூன்று பத்திகள் இயற்கை அன்னையின் கொடைகளுக்குப் போய்விட்டன. நான்காம் பத்தியில் விஷயம் வந்தது: "சென்னைக் கடற்கரையில் இனிமேல் பெண் ஆமைகள் மட்டுமே பிறக்கும் என்று விஞ்ஞானிகள் கூறுகிறார்கள். வரும் மே 23 உலக ஆமை தினத்தை முன்னிட்டு இதை வெளியிட்டால் நன்றாக இருக்கும்."

இரண்டே வாக்கியம், மூன்று பள்ளம். எந்த விஞ்ஞானிகள்? 'மட்டுமே' என்பது எப்படித் தெரியும்? மே 23-இல் அங்கே போய் எதைப் பார்ப்பது? விரல் அடுத்த மெயிலுக்கு நகர்ந்தே விட்டது. அப்போதுதான் அடியில் இருந்த பின்குறிப்பு கண்ணில் பட்டது:

"பி.கு.: ஹேட்சரியில் இந்த வருஷம் பாதிக் கூடுகளுக்கு மட்டும்தான் பச்சை நிழல்வலை போட்டிருக்கிறார்கள். ஏன் என்று கேட்டேன். மணலுக்குள் வெப்பமானி புதைத்து வைத்திருக்கிறார்களாம்."

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பெரிதாகத் தோன்றாமல், 'இதையும் சொல்லி வைப்போம்' என்று கடைசியில் செருகிய வரியில்தான் கதை ஒளிந்திருக்கும். பாதிக்கு நிழல், பாதிக்கு வெயில், நடுவில் வெப்பமானி! யாரோ ஒருவர் கடற்கரையில் ஒரு கேள்வியை மணலுக்குள் புதைத்து வைத்திருக்கிறார். அதை நேரில் பார்த்த ஒரே பத்திரிகை ஆர்வலர் இந்த டீச்சர்.

கூட்டம் தொடங்கப் பதினெட்டு நிமிடம் இருந்தது. போன் போட்டேன்.

"டீச்சர், எல்லாமே பெண் ஆமைன்னு எழுதியிருக்கீங்களே, யார் சொன்னாங்க?"

"யூடியூப்ல பார்த்தேன் மேடம்."

"ஹேட்சரிக்குப் போனீங்கள்ல? குஞ்சைக் கையில எடுத்துப் பார்த்தா ஆணா, பெண்ணான்னு தெரியுமா?"

மறுமுனையில் நீண்ட மௌனம். பின்னணியில் பள்ளி மணி அடித்தது.

"தெரியாதுங்க மேடம்."

எனக்கு டீச்சரைப் பிடித்துப்போனது அந்த நொடியில்தான். வேறு யாராவதாக இருந்தால் சமாளித்திருப்பார்கள்.

ஆமைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்த மெயில் ஏன் இவ்வளவு பாடுபட்டது என்று புரியாது. நம் கடற்கரைக்கு முட்டையிட வருவது ஆலிவ் ரிட்லி. மீனவர்கள் அதைப் பங்குனி ஆமை என்பார்கள். ஜனவரியிலிருந்து பங்குனி வரை இரவில் கரையேறி, ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி பறித்து, நூறு முட்டைக்கு மேல் இட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். நாய், நரி, நகர விளக்கு ஆகியவற்றிடமிருந்து காப்பாற்றுவதற்காக, முட்டைகளைத் தோண்டியெடுத்து வேலி போட்ட பொரிப்பகத்தில் மறுபடி புதைக்கிறார்கள். சென்னையில் கடலாமைப் பாதுகாப்புக்கான மாணவர் அமைப்பு 1988-லிருந்து இதற்காகக் கடற்கரையில் நடந்துகொண்டிருக்கிறது. 45 முதல் 60 நாளில் குஞ்சுகள் மணலைக் கிளறிக்கொண்டு வெளியே வரும்.

வேடிக்கை என்னவென்றால், முட்டை இடப்படும்போது அது ஆணுமில்லை, பெண்ணுமில்லை. அடைகாலத்தின் நடு மூன்றிலொரு பங்கில் மணல் எவ்வளவு சூடாக இருக்கிறதோ, அதுதான் முடிவு செய்யும். 29 முதல் 31 டிகிரி செல்சியஸுக்குள் ஒரு புள்ளி இருக்கிறது. அதற்குக் கீழே குளிர்ந்தால் ஆண் அதிகம், மேலே சூடேறினால் பெண் அதிகம். 34, 35 டிகிரி என்று நீடித்தால் முட்டைக்குள்ளேயே கதை முடிந்துவிடும். நல்லெண்ணத்தோடு முட்டையை இடம் மாற்றுகிறவர்கள், தெரியாமலே ஆண்-பெண் கணக்கையும் மாற்றிவிடக்கூடும் என்று 1980-லேயே ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். 2018-இல் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபின் வடபகுதியில் பச்சை ஆமைகளை ஆராய்ந்தபோது இளம் ஆமைகளில் 99 சதவீதம் பெண்களாக இருந்தன. டீச்சர் பார்த்த யூடியூப் வீடியோ எங்கிருந்து புறப்பட்டது என்று புரிகிறதா? ஆஸ்திரேலியப் பச்சை ஆமை நீந்தி வந்து நீலாங்கரையில் ஆலிவ் ரிட்லியாக மாறிவிட்டது!

குஞ்சின் பாலினத்தை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல வழியில்லை. இறந்த குஞ்சின் உடலை அறுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் திட்டமாகத் தெரியும். அதனால் 'எல்லாமே பெண்' என்று ஒரு மெயில் வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி: "யார் அறுத்துப் பார்த்தது?" அதற்குப் பதில் இல்லையென்றால் அந்த வரி போயே ஆக வேண்டும். அது போனபின் மிஞ்சுவதுதான் கதை: வெயிலில் ஒரு பாதி, நிழலில் ஒரு பாதி, அளந்துகொண்டிருக்கும் ஒருவர். இது சிறியது, ஆனால் நேரில் போய்ப் பார்க்கலாம், படம் எடுக்கலாம்.

அடுத்து, 'ஏன் இப்போது?' எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. உலக ஆமை தினம் என்று டீச்சர் பிடித்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை. எல்லோரும் நாட்காட்டியில் ஒரு தினத்தைத் தேடிப் பிடிப்பார்கள். மே 23-ஐ ஒட்டி என் இன்பாக்ஸில் வரப்போகும் ஆமை மெயில்களை இப்போதே எண்ணிவிடலாம். அன்றைக்குப் பொரிப்பகம் கிட்டத்தட்டக் காலியாக இருக்கும். ஆகவே டீச்சரும் நானும் போனிலேயே கணக்குப் போட்டோம். மார்ச் 20 அன்று ஒரு கூடு கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். 48 நாள் அடைகாலம் என்றால் மே 7 அன்று குஞ்சு வெளியே வரும். அதை மூன்றாகப் பிரித்தால், நடுப்பங்கு ஏப்ரல் 5-இலிருந்து 21 வரை. பங்குனியில் இட்ட முட்டை, சித்திரை வெயில் ஏற ஏற ஆணா பெண்ணா என்று முடிவாகிறது!

"அப்போ அது இப்பவே நடந்துக்கிட்டிருக்கு மேடம்!" என்று டீச்சர் கத்தினார். வகுப்பறையில் பிள்ளைகள் சிரித்தது எனக்குக் கேட்டது.

அன்று ஏப்ரல் 6. எங்கள் இதழில் பக்கங்கள் பத்து நாள் முன்பே மூடிவிடும். புகைப்படக்காரர் 21-க்குள் போயாக வேண்டும், அப்படியென்றால் இந்த வாரக் கூட்டத்தில் கதை ஒப்புதல் பெற்றாக வேண்டும். 'ஏன் இப்போது' என்றால் எனக்கு இதுதான். இந்த வாரம் விட்டால் எது கைவிட்டுப் போகும் என்று சொல்ல முடிய வேண்டும். ஜனவரியில் இட்ட முட்டைகள் ஏற்கெனவே பொரித்துப் போய்விட்டன. அவை குளிர்ந்த மணலில் வளர்ந்தவை. கடைசிக் கூடுகள்தான் வெயிலில் மாட்டிக்கொள்கின்றன.

"சரி டீச்சர், யாரிடம் பேசுவது?"

"என்னிடமே பேசலாமே மேடம்?"

பேசலாம்தான். தான் பார்த்த வலைக்கும் வெப்பமானிக்கும் டீச்சர் நல்ல சாட்சி. வெப்பம் முட்டையை என்ன செய்கிறது என்பதற்கு அவர் சாட்சி இல்லை. அடுத்து, பொரிப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பியைச் சொன்னார். நல்ல பையன், ராத்திரி முழுக்க நடக்கிறவன். ஆனால் நிழல்வலை போட்டது சரியா என்ற கேள்விக்கு, வலையைப் போட்டவரிடமே பதில் வாங்க முடியாது. அதற்குப் பிறகு ஒரு டிவி பேச்சாளரைச் சொன்னார், ஆமையிலிருந்து அணுசக்தி வரை பேசுவார். நான் மூச்சுவிடாமல் அமைதியாக இருந்தேன். டீச்சர் தானாகவே, "வேண்டாம் மேடம்" என்றார்.

ஒரு மெயிலில் ஆள் ஒருவர் போதும். மூன்று பேரைப் போட்டால் யாரையும் முழுதாக விசாரித்திருக்க மாட்டார்கள் என்று எனக்குச் சந்தேகம் வரும். ஆனால் அந்த ஒருவர் யார் என்பதில் எவ்வளவு ஆட்டம் காட்டலாம் தெரியுமா? 2015-இல் ஜான் போஹனன் என்ற அறிவியல் பத்திரிகையாளர் ஒரு விளையாட்டு விளையாடினார். கறுப்புச் சாக்லேட் சாப்பிட்டால் எடை சீக்கிரம் குறையும் என்று ஓர் ஆய்வு. பெயருக்கு ஒரு 'நிறுவனம்'. அது வெறும் இணையதளம். ஆய்வு நிஜமாகவே நடந்தது, ஆனால் கடைசிவரை இருந்தவர்கள் 15 பேர்தான். அவர்களிடம் 18 விஷயங்களை அளந்தார்கள். இத்தனை குறைவான ஆட்களிடம் இத்தனை விஷயத்தை அளந்தால் ஏதாவது ஒன்று தற்செயலாகவாவது மாறித்தானே தெரியும்! பணம் வாங்கிக்கொண்டு வெளியிடும் ஒரு சஞ்சிகையில் அச்சாயிற்று. அழகான செய்திக்குறிப்பு தயாராயிற்று. ஜெர்மனியின் 'பில்ட்' நாளிதழ் வரை செய்தி போயிற்று. எத்தனை பேரைச் சோதித்தீர்கள் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. பிறகு அவரே எல்லாவற்றையும் போட்டு உடைத்தார். அதைப் படித்த அன்றிலிருந்து, சாக்லேட் என்று மெயில் வந்தால் எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும்.

டீச்சர் அன்று மாலையே வெப்பமானி புதைத்தவரைக் கண்டுபிடித்துவிட்டார். கடலாமைகளை ஆராயும் ஒரு பல்கலைக்கழக ஆய்வாளர். நேரில் போய்க் கேட்டு, பத்திரிகையிடம் பேச ஒப்புதலும் வாங்கிவிட்டார். இதைச் செய்யாமல் பெயரைப் போட்டு அனுப்புகிறவர்கள்தான் நிறையப் பேர், நாங்கள் கூப்பிட்டால் மறுமுனையில், "என் பெயரை யார் கொடுத்தது?" என்று சீறுவார்கள். இவர் டீச்சரிடம் சொன்ன ஒரு வாக்கியம்தான் என்னைக் கவிழ்த்தது: "மணல் எவ்வளவு சூடுன்னு நான் சொல்லுவேம்மா. குஞ்சு ஆணா பெண்ணான்னு இந்த வருஷம் என்னால சொல்ல முடியாது." தன் எல்லையைத் தானே கோடு போட்டுக் காட்டுகிறவர் கிடைத்தால் எனக்குத் தீபாவளி!

(திங்கட்கிழமைக் கூட்டம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? ஆசிரியரிடம், "ஒரு ஆமை வருது, நாளைக் காலை வரை ஒரு இடம் வையுங்க" என்று கெஞ்சிவிட்டு வந்தேன்.)

செவ்வாய் காலை ஆறு மணிக்கு டீச்சரின் இரண்டாவது மெயில் வந்தது. ஆய்வாளரின் பெயரையும் எண்ணையும் மட்டும் எடுத்துவிட்டு, அப்படியே தருகிறேன்:

"பொருள்: ஏப்ரல் 21-க்குள் முடிவாகும் ஆமைகள்

வணக்கம் மேடம்.

சென்னைக் கடற்கரைப் பொரிப்பகம் ஒன்றில் இந்தப் பங்குனியில் பாதிக் கூடுகளுக்கு நிழல்வலை போட்டு, பாதியை வெயிலில் விட்டு, இரண்டிலும் மணலுக்குள் வெப்பமானி புதைத்திருக்கிறார்கள். மணல் சூடானால் பெண் ஆமைகள் அதிகம் பிறக்கும். ஒரு வலை எவ்வளவு சூட்டைக் குறைக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த முயற்சி.

மார்ச் 20-ஐ ஒட்டிக் கிடைத்த கூடுகளுக்கு ஏப்ரல் 5 முதல் 21 வரைதான் முடிவாகும் காலம். மே முதல் வாரத்துக்குப் பிறகு கூடுகள் காலியாகிவிடும். உலக ஆமை தினத்தன்று பார்க்க ஒன்றும் இருக்காது. 2025 ஜனவரியில் இறந்து ஒதுங்கிய ஆமைகளைப் பற்றி நீங்கள் எழுதினீர்கள். அது கடலில் நடந்தது. இது மணலுக்குள் நடப்பது.

வெப்பமானி வைத்த ஆய்வாளர் பேசச் சம்மதித்திருக்கிறார். மணலின் வெப்பத்தை அவர் சொல்வார். குஞ்சுகளின் பாலினத்தை இந்த ஆண்டு அளக்கவில்லை என்பதையும் அவரே சொல்லச் சொன்னார். மாலை நான்கு மணிக்குமேல் கூப்பிடலாம்.

நான் அங்கே சனிக்கிழமை இரவுகளில் நடக்கும் தன்னார்வலர். பொரிப்பகத்திலிருந்து எனக்குச் சம்பளம் எதுவும் இல்லை. இதை வேறு பத்திரிகைக்கு அனுப்பவில்லை, வெள்ளிக்கிழமைவரை காத்திருப்பேன்."

அவ்வளவுதான். செல்போனில் இரண்டு முறை தள்ளினால் முடிந்துவிடுகிறது. இணைப்பு எதுவும் இல்லை, இயற்கை அன்னையும் இல்லை. கடைசிப் பத்தியைக் கவனித்தீர்களா? தன்னார்வலர் என்பதை அவரே சொல்லிவிட்டார். நானாகப் பிறகு கண்டுபிடித்திருந்தால், மற்ற வரிகளையும் சந்தேகக் கண்ணோடு திரும்பப் படித்திருப்பேன். 'வெள்ளிக்கிழமைவரை' என்பது இன்னொரு சாமர்த்தியம். எனக்கு அவகாசமும் கிடைத்தது, அடியில் லேசாக ஒரு சூடும் வைத்தாயிற்று. இரண்டாம் பத்தியின் கடைசி மூன்று வாக்கியங்களோ என் கூட்டத்து வேலையையே செய்துவிட்டன. செவ்வாய்க்கிழமை ஆசிரியர் கண்ணாடியை இறக்கி, "மறுபடியும் ஆமையா? போன வருஷம்தானே நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கினதை எழுதினோம், பசுமைத் தீர்ப்பாயம்கூடத் தானாக எடுத்ததே?" என்றார். நான் டீச்சரின் வரியை அப்படியே வாசித்தேன்: "அது கடலில் நடந்தது. இது மணலுக்குள் நடப்பது." அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். எங்கள் அலுவலகத்தில் அதற்குப் பெயர் 'சரி'.

இதோடு மெயிலின் வேலை முடிந்தது, என் வேலை தொடங்கியது. டீச்சர் கொடுத்த ஆய்வாளரின் செல்போன் எண்ணுக்கு நான் முதலில் கூப்பிடவில்லை. பல்கலைக்கழகத்தின் பொது எண்ணுக்குக் கூப்பிட்டு, துறையைக் கேட்டு, ஆள் அங்கே நிஜமாகவே இருக்கிறாரா என்று பார்த்தேன். அவர் பெயரில் வெளிவந்த கட்டுரைகளைத் தேடி, கடலாமை அவருக்குப் புதிதல்ல என்று உறுதி செய்துகொண்டேன். வெப்பமானிக்குப் பணம் யார் கொடுத்தார்கள் என்று கேட்டேன். நிழல்வலை விற்கிறவர் கொடுத்திருந்தால் கதை வேறாகிவிடும் அல்லவா? சிரித்துவிட்டு, துறையின் பணம் என்றார். பிறகு இந்தப் பொரிப்பகத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத இன்னொரு ஆய்வாளரைப் பிடித்தேன். பாதிக்குப் பாதி வைத்துப் பார்ப்பது சரியான வழிதான், ஆனால் ஒரே பருவத்தின் சில கூடுகளை வைத்துப் பெரிதாக எதையும் சொல்லிவிடக் கூடாது என்றார் அவர். அந்த வாக்கியம் கட்டுரையின் நடுவில் அப்படியே உட்கார்ந்தது. டீச்சர் தந்தது ஒருவரை. இரண்டாமவரைத் தேடுவது எங்கள் பாடு. அவரே இரண்டாமவரையும் தந்திருந்தால், இருவரும் ஒரே மேசையில் டீ குடிப்பவர்களோ என்று கவலைப்பட்டிருப்பேன்.

ஏப்ரல் 14, சித்திரை முதல் நாள். எல்லோரும் வீட்டில் மாங்காய்ப் பச்சடி சாப்பிட்டுக்கொண்டிருக்க, எங்கள் புகைப்படக்காரர் நண்பகல் வெயிலில் பொரிப்பகத்துக்குள் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு படத்தில் வலை நிழலின் ஓரம் சரியாக இரண்டு கூடுகளுக்கு நடுவே விழுந்திருக்கிறது. ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் கண் கூசும் வெள்ளை. ஆமை ஒன்றுகூட இல்லாத ஆமைப் படம்! அட்டைக்கு வேண்டும் என்று நான் குதித்தேன். கிடைக்கவில்லை, உள்பக்கத்தில் இரண்டு பக்கம் முழுக்க வந்தது.

இதழ் கடைக்கு வந்த மறுநாள் டீச்சரிடமிருந்து ஒரு மெயில் வந்தது. நன்றிக் கடிதமாக இருக்கும் என்று ஆசையோடு திறந்தேன். பொருள்: 'கட்டுரை – 2'. மதிப்பிற்குரிய ஐயா என்று ஆரம்பித்திருந்தார். இணைப்புகள் பதினான்கு.

பின்குறிப்பு இருக்கிறதா என்று நேராக அடிக்குத் தள்ளிப் போனேன்.